லாக்கில் 29 சதவீதம் நிற்கிறது: காத்திருக்கலாமா, நிறுத்தலாமா, மாடலைத் திருத்தலாமா?

ஓசூர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனிக்கு மாத உற்பத்தித் திட்டம் போடும் மாடல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். 4 மெஷின், 22 மோல்டு, 30 நாள். எந்த மெஷினில் எந்த மோல்டை என்றைக்கு ஏற்றுவது, எத்தனை பீஸ் போடுவது என்பதுதான் கேள்வி. ஒரு முறை மோல்டு மாற்றினால் கிரேன், ஆள், பழைய பிளாஸ்டிக்கைத் தள்ளி வெளியேற்றும்போது வீணாகும் பொருள் எல்லாம் சேர்ந்து சுமார் 4,500 ரூபாய் ஆகும். மோல்டை மாற்றாமல் நிறையப் போட்டு வைத்தால் குடோனில் சரக்கு தேங்கி, அதற்கு ஒரு செலவு. இரண்டும் சேர்ந்து குறைவாக வர வேண்டும்.

முதல் முறை ஓட்டியபோது, கையில் கிடைத்த திட்டத்தின் செலவுக்கும் 'இதற்குக் கீழே போகவே முடியாது' என்ற எல்லைக்கும் நடுவில் லாக் காட்டும் இடைவெளி அரை மணி நேரம் கழித்தும் 29 சதவீதத்தில் நின்றது. திட்டமிடல் பார்க்கும் அண்ணன் வந்து, "தம்பி, சார்ட் எப்ப வரும்? காலை ஷிப்ட்டுக்கு மோல்டு இறக்கணும்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் இடைவெளி 27. அன்றைய திட்டத்தை அவர் நோட்டில் கையாலேயே போட்டுக்கொண்டார்.

அன்று என் முன்னால் இருந்த வழிகள் மூன்று: காத்திருப்பது, இருப்பதை எடுத்துக்கொண்டு நிறுத்துவது, மாடலையே மாற்றுவது. மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கான விடை லாக்கிலேயே இருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

இரண்டு பக்கத்திலிருந்து வரும் எண்கள்

நான் பயன்படுத்தியது ஹைஸ். இப்படிப்பட்ட மாடலுக்கு ஆகக் குறைந்த செலவில் வரும் திட்டத்தைத் தேடித் தரும் இலவச சால்வர். பைத்தானின் சைபையில் `scipy.optimize.milp` என்று கூப்பிட்டால் உள்ளே ஓடுவதும் இதுதான். அந்த முதல் ஓட்டத்தின் லாக்கில் சில வரிகளையும் தேவையான பத்திகளையும் மட்டும் கீழே தருகிறேன்.

```
Src  Proc.   BestBound     BestSol      Gap      Time
 R      0     416280.0   1346200.0   69.08%      1.4s
 L      0     548340.0    902150.0   39.22%      9.8s
 T    214     571020.0    861400.0   33.71%     61.3s
 T   1873     585110.0    846900.0   30.91%    300.2s
 L   4410     590480.0    841250.0   29.81%    612.7s
     9120     596035.0    841250.0   29.15%   1800.4s
```

`BestSol` என்பது கையில் இருக்கும் திட்டத்தின் செலவு. எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்ட திட்டம் அது. இப்போதே பிரின்ட் எடுத்து ஷாப் ஃப்ளோரில் கொடுக்கலாம். இடது ஓரத்து எழுத்து அது எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறது: `R` என்றால் பின்ன மதிப்புகளை ஏதேச்சையாக முழு எண்ணாக்கிப் பார்த்ததில் கிடைத்தது, `L` என்றால் மாடலின் ஒரு சிறு பகுதியைத் தனியாகத் தீர்த்ததில் கிடைத்தது, `T` என்றால் மரத்தில் ஒரு கணுவைப் பார்க்கும்போது கிடைத்தது. எழுத்தே இல்லையென்றால் அந்த வரியில் புதுத் திட்டம் எதுவும் வரவில்லை. எல்லை மட்டும் நகர்ந்திருக்கிறது.

`BestBound` அந்த எல்லை. 'ஏற்று அல்லது ஏற்றாதே' என்று 0 அல்லது 1 ஆக இருக்க வேண்டிய மாறிகளை 0.2, 0.37 என்று எதுவாகவும் இருக்கலாம் எனத் தளர்த்திவிட்டு சால்வர் கணக்குப் போடுகிறது. கட்டுப்பாடு தளர்ந்ததால் செலவு குறைவாகத்தான் வரும். ஆகவே உண்மையான எந்தத் திட்டமும் அந்த எண்ணுக்குக் கீழே போக முடியாது. அப்புறம் ஒரு மாறியைப் பிடித்து 0 என்று ஒரு கிளை, 1 என்று ஒரு கிளை பிரிக்கிறது. இப்படிப் பிரிந்து வளர்வதுதான் மரம், ஒவ்வொரு பிரிவும் ஒரு கணு, பார்த்து முடித்த கணுக்களின் எண்ணிக்கைதான் `Proc.` பத்தி. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தளர்வுக் கணக்கு. திறந்திருக்கும் கிளைகளின் தளர்வு மதிப்புகளில் எது ஆகக் குறைவோ அதுவே `BestBound`. எய்ல்சா லேண்டும் அலிசன் டோய்கும் 1960-ல் எழுதிய முறையின் எலும்புக்கூடு இன்றும் இதுதான்.

`Gap` இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம். ஹைஸ் அந்தத் தூரத்தை `BestSol`-ஆல் வகுக்கிறது. கடைசி வரியில் 8,41,250-லிருந்து 5,96,035-ஐக் கழித்தால் 2,45,215. அதை 8,41,250-ஆல் வகுத்தால் 29.15 சதவீதம்.

29 சதவீதம் என்றதும் 'என் திட்டம் 29 சதவீதம் மோசம்' என்று நான் படித்தேன். அது தவறு. அந்த எண் சொல்வது, 'உன் திட்டம் அதிகபட்சம் இவ்வளவு மோசமாக இருக்கலாம், அதற்கு மேல் இருக்காது' என்பது மட்டும்தான். திட்டம் மோசமாக இருக்கலாம், எல்லை மோசமாக இருக்கலாம், இரண்டுமே மோசமாக இருக்கலாம். ஒற்றை எண்ணாகப் பார்த்தால் எது என்று தெரியாது. இரண்டு பத்திகளையும் தனித்தனியாகக் கீழ்நோக்கிப் படித்தால்தான் தெரியும்.

படித்துப் பாருங்கள். `BestSol` முதல் நிமிடத்தில் 13 லட்சத்திலிருந்து 8.6 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. பத்து நிமிடத்துக்குப் பிறகு அசையவில்லை. `BestBound` தொடக்கத்திலேயே 4.16 லட்சம், அதாவது கையில் இருக்கும் நல்ல திட்டத்தில் பாதி. பின்ன மதிப்புத் தீர்வுகளை ஒதுக்கித் தள்ளும் கூடுதல் கட்டுப்பாடுகளான வெட்டுகளை சால்வர் சேர்த்ததும் 5.48-க்கு ஏறியது. அதன் பிறகு அரை மணி நேரமும் ஒன்பதாயிரம் கணுக்களும் செலவழித்து ஏறியது 48 ஆயிரம்தான். மரத்தைப் பிரிக்கத் தொடங்கும் முன்பே எல்லை இவ்வளவு தாழ்வாக இருந்தால், பிரித்துப் பிரித்து அதைத் தூக்குவது பெரும்பாலும் நடக்காது. காத்திருப்பது என்ற முதல் வழி அங்கேயே அடைபட்டுவிட்டது. இதைப் பத்தாவது நிமிடத்திலேயே நான் பார்த்திருக்க வேண்டும்.

எல்லை ஏன் தாழ்ந்து கிடந்தது

மாடலில் மோல்டையும் உற்பத்தியையும் இணைக்கும் வரி இப்படி இருந்தது:

```
x[m,p,t] <= 6000 * y[m,p,t]
```

`m` மெஷின், `p` மோல்டு, `t` நாள். `x` அன்றைக்குப் போடும் பீஸ், `y` மோல்டு ஏற்றினோமா இல்லையா, 6,000 ஒரு நாளில் அந்த மெஷினில் போடக்கூடிய அதிகபட்சம். வரியில் தவறில்லை. `y` 0 என்றால் `x`-உம் 0 தான்.

ஆனால் தளர்வுக் கணக்கில் என்ன நடக்கிறது? ஒரு பொருளுக்கு அன்றைய தேவை 1,200 பீஸ் என்று வைத்துக்கொள்வோம். 1,200 போட `y` 0.2 இருந்தால் போதும். 4,500 ரூபாய் மோல்டு மாற்றத்துக்குத் தளர்வுக் கணக்கு வெறும் 900 ரூபாய் கட்டிவிட்டுப் போகிறது. இப்படி நூற்றுக்கணக்கான இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று கட்டினால் எல்லை எப்படி உயரும்?

6,000-க்குப் பதில் 10 லட்சம் என்று போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்குமே என்று கேட்கலாம். தொடக்கத்தில் மாடலைச் சுருக்கும் கட்டத்திலேயே சால்வர் அந்த எண்ணைப் பல நேரம் மெஷினின் கொள்ளளவுக்கு இறக்கிவிடும். அது இறக்கத் தவறினால் இன்னொரு வம்பு வரும். 0.000001 வரை உள்ள மதிப்பை சால்வர் பூஜ்யமாகவே ஏற்றுக்கொள்ளும். அதை 10 லட்சத்தால் பெருக்கினால் 1. மோல்டே ஏற்றாமல் ஒரு பீஸ் போட்டதாகத் திட்டம் வரும். திட்டத்தில் அப்படி 'ஏற்றாத மோல்டில் ஒன்றிரண்டு பீஸ்' தெரிந்தால் நேராக இந்த எண்ணைப் போய்ப் பாருங்கள்.

என் விஷயத்தில் எண் சரி, வரியின் அமைப்புதான் பலவீனம். தீர்வு பழையது. கிராரூப்பும் பில்டேயும் 1977-ல் எழுதியது. என்றைக்குப் போட்டோம் என்று மட்டும் வைக்காமல், என்றைக்குப் போட்டது எந்த நாள் தேவைக்குப் போகிறது என்றும் சேர்த்து மாறி வைக்க வேண்டும்.

```
w[m,p,t,s] <= d[p,s] * y[m,p,t]
```

`t` போடும் நாள், `s` அது போய்ச் சேரும் நாள், `d` அந்த நாளின் தேவை. இப்போது 1,200 பீஸ் தேவைக்கு எதிரில் நிற்கும் எண்ணும் 1,200. அந்த நாள் தேவை முழுவதையும் போட்டால் `y` 1 ஆகியே தீர வேண்டும். இரண்டு மெஷினில் பாதி பாதியாகப் பிரித்தாலும் 0.5, 0.5 சேர்ந்து ஒன்றுதான். 4,500 முழுதாகக் கட்டாமல் தளர்வுக் கணக்கு தப்ப முடியாது.

விலை உண்டு. உற்பத்தியைக் குறிக்கும் மாறிகள் மட்டும் 2,640-லிருந்து நாற்பதாயிரத்துக்கு மேல் போயின. இந்தக் கூடுதல் மாறிகள் முழு எண்ணாக இருக்க வேண்டியவை அல்ல, அதனால் கிளை கூடவில்லை. ஆனால் ஒவ்வொரு கணுவின் கணக்கும் மெதுவாகிறது. அது தகுமா என்பதற்குப் பதில் இரண்டாவது லாக்:

```
Src  Proc.   BestBound     BestSol      Gap      Time
 R      0     742870.0   1188400.0   37.49%      3.8s
 L      0     779215.0    843900.0    7.67%     14.2s
 T     96     796540.0    835600.0    4.67%     74.9s
 L    410     806310.0    830950.0    2.97%    240.3s
     1705     811720.0    830950.0    2.31%    900.1s
     3620     814095.0    830950.0    2.03%   1800.3s
```

அரை மணியில் ஒன்பதாயிரம் கணுக்கள் பார்த்தது இப்போது மூவாயிரத்து அறுநூறுதான் பார்த்திருக்கிறது. ஆனால் எல்லை 4.16-க்குப் பதில் 7.43 லட்சத்தில் தொடங்கியது. அதற்கு ஆன நேரம் நான்கு வினாடிக்கும் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: இரண்டு மாடலும் ஒரே சிக்கலைத்தான் சொல்கின்றன. ஒன்றில் கிடைத்த எல்லை மற்றதிலும் செல்லும். இந்த இரண்டாவது மாடலை ஒரு ராத்திரி, எட்டு மணி நேரம், ஓட விட்டுப் பார்த்தேன். எல்லை 8,21,060-க்கு வந்தது. அதை வைத்துப் பார்த்தால் முதல் லாக்கின் 8,41,250 ரூபாய்த் திட்டம் அதிகபட்சம் 20,190 ரூபாய்தான் கூடுதல், 2.4 சதவீதம். லாக் 29 என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கையில் இருந்தது நல்ல திட்டம். நிரூபணம்தான் இல்லை. அந்த அண்ணனுக்கு அன்று ராத்திரியே சார்ட் கொடுத்திருக்கலாம்.

இதனால் 29-ல் நிறுத்துவது சரி என்று ஆகிவிடாது. முதல் லாக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. 6 லட்சத்தில் ஒரு திட்டம் இருந்திருந்தாலும் அந்த லாக் இதே மாதிரிதான் தெரிந்திருக்கும். எல்லை தாழ்ந்து கிடக்கும்போது மாடலைத் திருத்துவதுதான் வழி என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எல்லை சரியாக இருக்கும்போது எதைப் பார்த்து நிறுத்துவது

சரி, இரண்டாவது லாக்குக்கு வருவோம். இங்கே நிறுத்துவது உண்மையான கேள்வி. நான்கு நிமிடத்தில் கிடைத்த திட்டம் அரை மணி வரை மாறவில்லை. எல்லை ஊர்ந்துகொண்டிருக்கிறது. 240-வது வினாடியிலிருந்து 900 வரை அது 5,410 ரூபாய் ஏறியது. அடுத்த 900 வினாடியில் 2,375. வினாடிக்கு எட்டு ரூபாய் ஏறியது மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. இதே வேகம் நீடித்தால் கூட மிச்சமிருக்கும் 16,855-ஐ மூட இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். வேகம் நீடிக்காது. திறந்திருக்கும் கிளைகள் பெருகப் பெருக, ஆகக் குறைந்ததைத் தூக்க அவற்றில் ஏகப்பட்டதைத் தூக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஹைஸ், குரோபி, சிப்ளெக்ஸ் என்ற மூன்று சால்வர்களுமே இடைவெளி 0.01 சதவீதத்துக்கு வரும்வரை ஓடும். இங்கே அது 83 ரூபாய். மோல்டு மாற்றச் செலவு 4,500 என்பதே பாதி அனுமானமாக இருக்கும்போது 83 ரூபாய்க்காக மணிக்கணக்கில் ஓட்டுவதில் பொருளில்லை. அந்த இயல்பு அமைப்பை அப்படியே விடுவதை நான் ஒதுக்கிவிட்டேன்.

நேர வரம்பு வைப்பதுதான் பலரும் செய்வது. 20 நிமிடம், என்ன கிடைக்கிறதோ அது. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் தொடங்கினால் இது தவிர்க்க முடியாதது. ஆனால் இதை மட்டும் நம்பினால் இரண்டு கஷ்டம். ஒன்று, நான்காவது நிமிடத்திலேயே போதுமான திட்டம் வந்த நாளிலும் 20 நிமிடம் ஓடும். இன்னொன்று, அதே மாடலை வேகம் குறைந்த கம்ப்யூட்டரில் ஓட்டினால் வேறு திட்டம் வரும். நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. வரம்பு குறுகலாக இருந்து அதற்குள் ஒரு திட்டமும் கிடைக்கவில்லையென்றால் `BestSol` பத்தியில் `inf` என்றே முடியும். அதைப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் நிரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

சதவீத வரம்பு பார்க்க அழகாக இருக்கிறது: 2 சதவீதம் வந்தால் நில். எனக்கு இதன் மேல் நம்பிக்கை குறைந்ததற்கு ஒரு சம்பவம் காரணம். கம்பெனியின் கணக்குப் பிரிவு கேட்டார்கள் என்று, சம்பளம், வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 25 லட்சம் என்ற மாறாத தொகையை இலக்குச் செலவில் கூட்டினேன். ரிப்போர்ட்டில் மொத்தச் செலவு தெரியட்டும் என்றுதான். அடுத்த நாள் சால்வர் படு வேகமாக நின்றது. திட்டம் ஒன்றும் நன்றாகவில்லை, கீழே வகுக்கும் எண்தான் பெரிதாகியிருந்தது. அதே 16,855 ரூபாய்த் தூரம் 2.03 சதவீதத்திலிருந்து 0.51 ஆகிவிட்டது. முதல் மாடலின் 29.15 கூட 7.34 ஆகியிருக்கும். ஒரு மோல்டு மாற்றம்கூடக் குறையாமல் இடைவெளி நான்கில் ஒன்றாகிவிட்டது.

வகுக்கும் முறையும் சால்வருக்குச் சால்வர் மாறும். ஸ்கிப் இரண்டு எண்ணில் சிறியதால் வகுக்கிறது. முதல் லாக்கின் கடைசி வரியை அது 29.15 என்று காட்டாது, 41.14 என்று காட்டும். ஒரு சால்வரில் பழகிய சதவீதத்தை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

ஆகவே நான் வைப்பது ரூபாய் வரம்பு. `BestSol`-க்கும் `BestBound`-க்கும் நடுவில் உள்ள தூரத்தை அப்படியே ரூபாயாகப் பார்ப்பது. 16,855 ரூபாய் என்றால் நான்கு மோல்டு மாற்றத்துக்கும் குறைவு. மாதம் 150 மாற்றம் நடக்கும் இடத்தில், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதற்கு மேல் மிச்சமாகாது. இதை அந்த அண்ணனிடமே கேட்டேன். "அண்ணே, ஒரு மணி நேரம் பொறுத்தா மாசத்துக்கு நாலு மோல்டு மாத்தறது மிச்சமாகலாம், ஆகாமலும் போகலாம். வேணுமா?" அவர் சிரித்தார். "ஒரு ஆர்டர் தள்ளிப்போனா அதுல நாலு போயிரும் தம்பி. கொடு சார்ட்டை." 20,000 ரூபாய் என்ற வரம்பு அந்தப் பேச்சிலிருந்து வந்தது. 2.4 சதவீதம் போதுமா என்று கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது.

```python
h.setOptionValue("mip_abs_gap", 20000.0)
h.setOptionValue("mip_rel_gap", 0.0)
h.setOptionValue("time_limit", 1200.0)
h.run()
```

ரூபாய் வரம்பு, சதவீத வரம்பு இரண்டில் எது முதலில் எட்டினாலும் ஹைஸ் நின்றுவிடும். அதனால் சதவீதத்தை 0 ஆக்கிவிட்டேன். நேர வரம்பு காவலுக்கு. இரண்டாவது லாக்கின்படி இது பதினைந்து நிமிடத்துக்குள் நிற்கும். ராத்திரி முழுக்க ஓட்டியதில் கிடைத்த திட்டம் 8,28,300. பதினைந்து நிமிடத் திட்டத்தைவிட 2,650 ரூபாய் குறைவு, ஒரு மோல்டு மாற்றம்கூட இல்லை.

நின்ற பிறகு கடைசி ரிப்போர்ட்டைப் படிப்பதில் ஒரு கவனம் வேண்டும். வரம்பை எட்டி நின்றால் `Status` என்ற இடத்தில் `Optimal` என்றே வரும். அதன் பொருள் 'நீ சொன்ன வரம்புக்குள் சிறந்தது' என்பதுதான். குரோபியும் அப்படித்தான், `Optimal solution found` என்று போட்டுப் பக்கத்தில் வரம்பைக் குறிக்கும். ரிப்போர்ட்டை மற்றவர்களுக்கு அனுப்பும்போது அந்த ஒரு சொல்லை எடுத்துப் போடாமல் `BestSol`, `BestBound`-க்கு அங்கே உள்ள பெயர்களான `Primal bound`, `Dual bound` என்ற இரண்டு எண்ணையும் சேர்த்து அனுப்புகிறேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

சீக்கிரம் நிறுத்தக் கூடாத இடம்

வழக்கமான மாதத் திட்டத்துக்கு 20,000 போதும். அதே வரம்போடு வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். அந்த மாத ஆர்டருக்கு ஐந்தாவது மெஷின் ஒன்றை 15,000 ரூபாய் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டார்கள். மாடலில் மெஷினை ஐந்தாக்கி அரை மணி ஓட்டினேன். திட்டம் 8,22,400, எல்லை 8,06,100. நான்கு மெஷினுக்குத் திட்டம் 8,30,950. வித்தியாசம் 8,550. வாடகை 15,000. ஆகவே வேண்டாம் என்று மெயில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அனுப்பும் முன் எல்லைகளைப் பார்த்தேன். நான்கு மெஷினின் உண்மையான குறைந்தபட்சச் செலவு 8,14,095-க்கும் 8,30,950-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஐந்து மெஷினுடையது 8,06,100-க்கும் 8,22,400-க்கும் நடுவில். அப்படியானால் ஐந்தாவது மெஷினால் மிச்சமாவது அதிகபட்சம் 8,30,950-லிருந்து 8,06,100-ஐக் கழித்தது, 24,850. குறைந்தபட்சம் கழித்தால் எதிர்மறையாக வருகிறது. மெஷின் கூடினால் செலவு ஏறாது என்பதால் அதைப் பூஜ்யம் என்று கொள்ளலாம். பூஜ்யத்திலிருந்து 24,850 வரை எதுவும் இருக்கலாம், 15,000 அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நான் எழுதப்போன 8,550 இரண்டு அரைகுறைக் கணக்கின் வித்தியாசம் மட்டுமே. ஒவ்வொரு பக்கமும் 16 ஆயிரம் ரூபாய் தெளிவில்லாதபோது 8 ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தைப் பேசுவதற்கு இடமே இல்லை.

இங்கேதான் ராத்திரி முழுக்க ஓட்டியது பயன்பட்டது. நான்கு மெஷினுக்கு ஏற்கெனவே 8,21,060-க்கும் 8,28,300-க்கும் நடுவில் என்று வந்திருந்தது. ஐந்து மெஷினையும் அதே மாதிரி ஒரு ராத்திரி ஓட்டினேன். எல்லை 8,14,900, திட்டம் 8,19,750. இடைவெளி இரண்டிலுமே மூடவில்லை. ஆனால் கணக்கு முடிந்துவிட்டது. மிச்சமாவது குறைந்தது 8,21,060 கழித்தல் 8,19,750, அதாவது 1,310. அதிகபட்சம் 8,28,300 கழித்தல் 8,14,900, அதாவது 13,400. 15,000 இந்த வீச்சுக்கு வெளியே போய்விட்டது. இன்னும் எத்தனை நாள் ஓட்டினாலும் பதில் மாறாது.

மெயிலில் 'வேண்டாம்' என்றுதான் எழுதினேன், முந்தின நாள் எழுதப்போன அதே பதில். ஆனால் இப்போது 8,550 என்ற எண்ணுக்குப் பதில் '1,310 முதல் 13,400 வரை' என்று இருந்தது. வாடகை 12,000-க்குப் பேசி வந்தால் மறுபடியும் சொல்லுங்கள், அப்போது இந்த இடைவெளி போதாது, இன்னும் ஓட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.